மூன்று ஹெர்ட்ஸ் ஸ்பைக் வேவா, மூச்சு வாங்கியதால் வந்த அலையா?

கேள்வி: ஈஈஜி டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். செய்முறைத் தேர்வில் பத்து நொடித் துண்டு ஒன்றைக் கொடுத்து, இது நார்மலா, ஸ்பைக் அண்ட் வேவா என்று கேட்கிறார்கள். குழந்தைகள் மூச்சு இழுத்து விடும்போது வரும் பெரிய அலைகளும் எனக்கு ஸ்பைக் வேவ் மாதிரியேதான் தெரிகின்றன. எதை வைத்துப் பிரிப்பது?

பதில்:

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். துண்டில் பெரிதாக நிற்கும் அலைகளை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, அவற்றுக்கு முன்னால் இருக்கும் இரண்டு நொடியையும் பின்னால் இருக்கும் ஒரு நொடியையும் மட்டும் பாருங்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் கண் நேராக உயரமான இடத்துக்குத்தான் போகும், எனக்கும் அப்படித்தான் போனது. ஆனால் உயரமும் கூர்மையும் மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொன்ன குழப்பம் தீரவே தீராது, ஏனென்றால் குழந்தையின் மூளையில் நார்மலான அலைகளே முந்நூறு மைக்ரோவோல்ட் வரை போகும். அலை எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது, ஆரம்பிக்கும் முன் அந்த மூளை விழித்திருந்ததா, தூங்கி வழிந்ததா, மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததா, இவை தெரிந்தால் பாதி விடை கைக்கு வந்துவிடும்.

அதற்கும் முன்னால் பக்கத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் படியுங்கள். இதை யாரும் செய்வதில்லை. வழக்கமாக ஒரு நொடிக்கு 30 மி.மீ. வேகம், ஒரு மி.மீ. உயரத்துக்கு 7 மைக்ரோவோல்ட், ஃபில்டர் கீழே 1 ஹெர்ட்ஸ் மேலே 70 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். வேகம் 15 மி.மீ. என்று மாற்றி வைத்த பக்கத்தில் ஆல்பா கூட நெருக்கமாகி முள் முள்ளாகத் தெரியும். மேல் ஃபில்டரை யாராவது 15 ஹெர்ட்ஸுக்கு இறக்கியிருந்தால் உண்மையான ஸ்பைக்கின் முனை மழுங்கிப்போய் வெறும் வேவ் மட்டும் நிற்கும், அதே ஃபில்டரில் தசை அசைவு அழகான முள் மாதிரி வரும். அதாவது இரண்டு பக்கமும் ஏமாற்றும். தேர்வில் அச்சிட்ட துண்டுதான் கொடுப்பார்கள் என்றால் ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கீழே ஒரு கேஸில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுகிறேன்.

சரி, நார்மல் எப்படி இருக்கும்? விழித்திருக்கும் ஆள் கண்ணை மூடியதும் பின்தலையில், அதாவது O1, O2 வரும் சேனல்களில், ஆல்பா ஓடும். பெரியவர்களுக்கு 8 முதல் 13 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் 9, 10 பக்கம். குழந்தைக்கு மூன்று வயதில் 8 வந்துவிடும், எட்டு ஒன்பது வயதில் 9. இந்த எண்களை விட அதன் நடையைத்தான் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆல்பா ஒரே உயரத்தில் ஓடாது. ஒரு நொடி பெருத்து அடுத்த நொடி சிறுத்து, மறுபடி பெருத்து, நூல்கண்டு மாதிரி நடுவில் பருமனாகவும் ஓரங்களில் மெலிந்தும் போகும். கண்ணைத் திற என்று சொன்னதும் அரை நொடியில் அடங்கிவிடும், மூடினால் திரும்ப வரும். இப்படிச் சொல்பேச்சுக் கேட்கிற அலை நம்ம ஆள். ஆல்பா மேல் கொஞ்சம் பீட்டா ஏறி உட்கார்ந்தால் நுனி கூர்மையாகத் தெரியும், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆல்பாவுக்கு நடுவே ஒரு மெதுவான அலை புகுந்து, அதன் முன்னால் நிற்கும் ஆல்பாவையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்பைக் வேவ் ஜோடி மாதிரியே இருக்கும். ஆனால் அந்த மெதுவான அலையும் கண் திறந்தால் ஆல்பாவோடு சேர்ந்தே மறையும். மறைந்தால் விட்டுவிடுங்கள்.

தலையின் நடுப்பகுதியில், C3, C4 பக்கம், மியூ என்று ஒன்று வரும். வளைவு வளைவாக, ஒரு பக்கம் உருண்டையும் மறுபக்கம் கூர்மையுமாக இருப்பதால் பலரையும் பயமுறுத்தும். கண்ணைத் திறந்தாலும் போகாது. எதிர்ப்பக்கக் கையை மடக்கச் சொன்னால் போய்விடும். மியூவைப் பற்றி இவ்வளவு போதும், உங்கள் கேள்வி அங்கே இல்லை.

இப்போது ஸ்பைக் வேவ். இந்தப் பெயர் ஒரு ஜோடியைக் குறிக்கிறது. முதலில் 20 முதல் 70 மில்லி செகண்டுக்குள் ஏறி இறங்கும் ஒரு முள், அதாவது 30 மி.மீ. வேகத்தில் இரண்டு மி.மீ. அகலத்துக்குள் அடங்குவது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு பெரிய, மெதுவான, குவிந்த அலை. முள் என்பது லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் வெடித்ததன் தடம், பின்னால் வரும் அலை அவை எல்லாம் சேர்ந்து அடங்கிக் கிடக்கும் நேரம். தாலமஸுக்கும் பெருமூளைப் புறணிக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வளையத்தில் இந்த வெடிப்பும் அடக்கமும் மாறி மாறி வருவதால்தான் இவ்வளவு ஒழுங்கான தாளம் கிடைக்கிறது. தாலமஸின் டி வகை கால்சியம் வாயில்களை அடைக்கும் எத்தோசக்சிமைடு மருந்து, சில நொடி நினைவு மட்டும் அறுந்துபோகும் ஆப்சென்ஸ் வலிப்புக்கு நன்றாகக் கேட்பதும் அதனால்தான். 1935ல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் ஆப்சென்ஸ் வலிப்பு வரும் நேரத்தில் நொடிக்கு மூன்று என்ற இந்த வடிவத்தைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். இன்றைக்கும் ஈஈஜியில் ஒரு துண்டைப் பார்த்தே கிட்டத்தட்ட நோயின் பெயரைச் சொல்லிவிடக்கூடிய வடிவம் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஒரு கேஸைப் பார்ப்போம். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், அலைகள் மாறவில்லை.

ஏழு வயதுப் பெண். எழுதிக்கொண்டே இருக்கும்போது பென்சில் நின்றுவிடுகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சில நொடி கழித்து விட்ட இடத்திலிருந்து எழுதுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் அம்மா சொன்னது, "சோத்தைக் கையில எடுத்து வாய்கிட்ட கொண்டுபோய் அப்படியே சிலையாட்டம் உக்காந்துருவா சார், பகல் கனவு காணுறான்னு திட்டிக்கிட்டே இருந்தோம்." படுக்க வைத்துப் பதிவு ஆரம்பித்தோம். பின்தலையில் 9 ஹெர்ட்ஸ் ஆல்பா, இரண்டு பக்கமும் சமம், கண் திறந்தால் அடங்குகிறது. இருபது நிமிடம் எதுவும் இல்லை. இந்த இருபது நிமிடத்தில் எந்தப் பத்து நொடியை வெட்டிக் கொடுத்தாலும் நார்மல் என்றுதான் எழுதியிருப்பீர்கள், அது சரியும் கூட.

அப்புறம் கையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொன்னேன். குழந்தைகளிடம் ஆழமாக மூச்சு விடு என்று சொன்னால் முப்பது நொடியில் விட்டுவிடுவார்கள், காற்றாடி என்றால் மூன்று நிமிடம் ஊதுவார்கள். ஒரு நிமிடம் கடந்ததும் ஆல்பாவுக்கு நடுவே 5, 6 ஹெர்ட்ஸ் அலைகள் கலந்தன. ஒன்றரை நிமிடத்தில் அது 4 ஆனது, உயரம் கூடியது. இதுவரை நார்மல். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அலைகள் மெதுவாகும். ஏழு வயதில் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட வரும், காலையில் சாப்பிடாமல் வந்த குழந்தைக்கு இன்னும் அதிகமாக வரும்.

இரண்டு நிமிடம் கடந்ததும் வந்த பக்கத்தைத்தான் துண்டாக எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு நொடியில் மேலே சொன்ன கலவை: கொஞ்சம் ஆல்பா, கொஞ்சம் 4 ஹெர்ட்ஸ், ஒரு அலை மாதிரி இன்னொன்று இல்லை. மூன்றாவது நொடிக் கோட்டைத் தொட்டதும் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் எகிறின. முந்தைய அலை வளர்ந்து வளர்ந்து இதாக மாறவில்லை, கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு போடலாம், இந்தப் பக்கம் பழைய கதை, அந்தப் பக்கம் புதுக் கதை. 7 மைக்ரோவோல்ட் அளவில் அலைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, பக்கமே மை கொட்டியது மாதிரி ஆகிவிட்டது, முள் எங்கே என்றே தெரியவில்லை. இங்கேதான் நிறைய பேர் திணறுவார்கள். ஒரு மி.மீ.க்கு 20 மைக்ரோவோல்ட் என்று மாற்றியதும் படம் சுருங்கித் தெளிந்தது: ஒரு முள், ஒரு குவிந்த அலை, ஒரு முள், ஒரு குவிந்த அலை. நெற்றிக்கு மேலே F3, F4, Fz பக்கம் மிகப் பெரிதாகவும், பின்தலைக்குப் போகப் போகச் சின்னதாகவும்.

இப்போது ஸ்கேல். ஆரம்பத்தில் ஒரு முள்ளின் நுனியிலிருந்து அடுத்த முள்ளின் நுனி வரை எட்டரை மி.மீ. இருந்தது. 30ஐ எட்டரையால் வகுத்தால் மூன்றரை, அதாவது 3.5 ஹெர்ட்ஸ். நடுவில் பத்து மி.மீ., சரியாக 3 ஹெர்ட்ஸ். கடைசி இரண்டு நொடியில் பன்னிரண்டு மி.மீ., 2.5 ஹெர்ட்ஸ். மொத்தம் ஏழு நொடி, 21 ஜோடிகள். ஆப்சென்ஸின் ஓட்டம் இப்படித்தான் இருக்கும், வேகமாகத் தொடங்கிக் கடைசியில் கொஞ்சம் சோர்ந்து வரும், முள்ளும் முடிவை நெருங்க நெருங்கச் சின்னதாகும். அதனால் கடைசி மூன்று நொடியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் முள் சரியாகத் தெரியாமல், இது மூச்சு வாங்கியதால் வந்த அலை என்று எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. அப்போதும் முடிவைப் பாருங்கள். ஒன்பதாவது நொடியின் கடைசியில் அலைகள் சட்டென்று நின்றன, அடுத்த நொடியில் சாதாரண பின்னணி திரும்பிவிட்டது. ஒரு பெரிய வலிப்புக்குப் பின் மூளை மந்தமாகக் கிடப்பதைப் போல இங்கே எதுவும் இல்லை.

அதே நேரம் அறையில் நடந்தது: அலை ஆரம்பித்து ஒரு நொடி போல ஆனதும் காற்றாடி நின்றது. கண் திறந்திருந்தது, இமை லேசாகத் துடித்தது. நான் "யானை" என்று சொன்னேன். அலை நின்றதும் மறுபடி ஊத ஆரம்பித்தாள். "இப்ப நான் என்னம்மா சொன்னேன்?" என்றதற்கு "நீங்க ஒண்ணுமே சொல்லலையே" என்றாள். இந்த ஒரு வார்த்தையைப் பதிவின் ஓரத்தில் எழுதி வைக்காவிட்டால், டாக்டருக்கு அலை மட்டும்தான் கிடைக்கும், அந்த ஏழு நொடியில் குழந்தை நினைவோடு இருந்தாளா இல்லையா என்பது கிடைக்காது.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். இதே பெண் இதே மூன்று நிமிடத்தின் கடைசியில் இன்னொரு பக்கம் கொடுத்தாள். அதிலும் 3 ஹெர்ட்ஸ் அலைகள், அதிலும் நெற்றிப் பக்கம் உயரம், அதிலும் இரு பக்கமும் சமம். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் மூன்று இடத்தில் தெரியும்.

ஆரம்பம் முதலாவது. இந்தப் பக்கத்தில் எங்கே கோடு போடுவது என்று தெரியாது. 5 ஹெர்ட்ஸ் 4 ஆகி, 4 மூன்றரை ஆகி, மாடிப்படி ஏறுகிற மாதிரி வந்திருக்கும். பத்து நொடித் துண்டில் அது முழுதாகத் தெரியாமல் போகலாம், ஆனால் துண்டின் இடது ஓரத்திலேயே பாதி உயரமுள்ள அதே மாதிரி அலை ஓடிக்கொண்டிருக்கும். முடிவும் அப்படியே, ஊதுவதை நிறுத்திய பின் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கரைந்துபோகும். (கரைந்துபோன பிறகு சில நிமிடத்தில் மெதுவான அலைகள் தாமாகத் திரும்பி வந்தால் அது வேறு கதை, மோயாமோயா என்ற ரத்தக்குழாய் நோயில் அப்படி வரும், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த நோய் இருப்பது முன்பே தெரிந்தால் ஊதச் சொல்லவே கூடாது.)

இரண்டாவது, முள் உட்காரும் இடம். மெதுவான பெரிய அலைகள் மேல் கொஞ்சம் ஆல்பா, கொஞ்சம் பீட்டா சவாரி செய்யும். அவற்றில் ஒன்று அலையின் பள்ளத்தில் விழுந்தால் பார்க்க அசல் முள்தான். எனக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒருவர் இதற்கு எண்ணெய்க் காகிதம் வைத்திருப்பார். ஒரு ஜோடியை அதன் மேல் பென்சிலால் வரைந்து, அப்படியே நகர்த்தி அடுத்த ஜோடி மேல் வைப்பார், அதற்கடுத்ததன் மேல் வைப்பார். ஸ்பைக் வேவ் என்றால் முள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து பொருந்தும். மூச்சு வாங்கிய அலை என்றால் முதல் ஜோடியில் முள் பள்ளத்தில் இருக்கும், அடுத்ததில் உச்சியில், அதற்கடுத்ததில் முள்ளே இருக்காது. திரையில் பார்க்கிறவர்களுக்கு எண்ணெய்க் காகிதம் தேவையில்லை, கண்ணாலேயே ஐந்து ஜோடியை வரிசையாகப் பார்த்தால் போதும். ஐந்தில் ஒன்றில் மட்டும் முள் இருந்தால் அதை நம்பாதீர்கள்.

மூன்றாவது, அலைகளுக்கு இடையே உள்ள ஒற்றுமை. ஸ்பைக் வேவில் பின்னணி அடியோடு காணாமல் போயிருக்கும், ஆல்பா எங்கேயும் எட்டிப் பார்க்காது, ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மெல்ல மெல்லத்தான் மாறும். மூச்சு வாங்கிய அலையில் ஒன்று ஒன்பது மி.மீ., அடுத்தது பதிமூன்று, அடுத்தது பத்து என்று குதிக்கும், பின்தலையில் ஆல்பா இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

குழந்தை பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நன்றாக மூச்சு வாங்கிய பிள்ளைகள் பெரிய டெல்டா ஓடும் நேரத்தில் வலிப்பே இல்லாமலும் மந்தமாக விழிப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், கூப்பிட்டால் தாமதமாகத்தான் திரும்புவார்கள். மேலே சொன்ன பெண்ணிடம் "யானை"க்கு மதிப்பு வந்ததே கூடவே 21 ஜோடியும் இருந்ததால்தான்.

அடுத்த பொறி தூக்கக் கலக்கம். இதில் நானே விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. நான்கு வயதுப் பையன், ராத்திரி தூங்கவிடாமல் கூட்டி வந்திருந்தார்கள். பதிவு ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் எல்லாச் சேனலிலும் திடீரென்று 4 ஹெர்ட்ஸ் பெரிய அலைகள், இரண்டு நொடி வரும், நிற்கும், மறுபடி வரும். நடுநடுவே கூர்மையாக ஏதோ எட்டிப் பார்த்தது. திடீர் ஆரம்பம், திடீர் முடிவு, முள் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஸ்பைக் வேவ் என்று பதிவில் குறித்தேன், அதோடு நிற்காமல் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் "ஏதோ இருக்கும்மா, டாக்டர் சொல்வாரு" என்று வாயை விட்டேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

சீனியர் வந்து பதிவைப் பின்னோக்கி ஓட்டினார். ஒரு நிமிடம் முன்னால் ஆல்பா மறைந்திருந்தது. கண் சிமிட்டல் நின்றிருந்தது, F7, F8 பக்கம் கண் மெதுவாகப் பக்கவாட்டில் உருள்வதன் தடம் தெரிந்தது. பையன் தூங்கப் போகிறான். நான் குறித்த அலைகளுக்கு அரை நிமிடம் பின்னால் ஓட்டியதும் உச்சந்தலையில் Cz பக்கம் தூக்கத்தின் கூரான வெர்டெக்ஸ் அலைகள் வந்துவிட்டன, அதன் பிறகு நான் குறித்த மாதிரி ஒன்று கூட வரவில்லை. விழித்திருந்தபோதும் வரவில்லை. தூக்கத்தில் இறங்கும் வாசற்படியில் மட்டும் வரும் இந்த 3 முதல் 5 ஹெர்ட்ஸ் அலைக்கூட்டத்துக்கு ஹிப்னகாகிக் ஹைப்பர்சிங்க்ரனி என்று பெரிய பெயர், சின்னப் பிள்ளைகளுக்கு முழுக்க நார்மல். முள்ளை ஒவ்வொரு அலையிலும் தேடச் சொன்னார். எட்டு அலையில் இரண்டில்தான் இருந்தது, அதுவும் வெவ்வேறு இடத்தில். அந்த அம்மாவிடம் டாக்டரே வந்து பேசிச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பதிவு அறையில் குழந்தையின் பெயரையும் "நல்லா ஊது"வையும் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

அதனால்தான் தொடக்கம் திடீரென்று இருப்பது மட்டும் போதாது என்கிறேன். தூக்கக் கலக்கத்தில் வந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். தேர்வுத் துண்டில் இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மறைத்த கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆல்பா இருக்கிறதா, கண் சிமிட்டல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். Fp1, Fp2 சேனல்களில் கீழ் நோக்கிப் பெரிய பள்ளமாக வருவது சிமிட்டல். அது இருந்தால் ஆள் விழித்திருக்கிறார்.

சிமிட்டல் என்றதும் இன்னொன்று. சில பிள்ளைகள் பதற்றத்தில் இமையைப் படபடவென்று அடிப்பார்கள், நொடிக்கு மூன்று நான்கு முறை, கூடவே நெற்றித் தசையின் முள்ளும் சேரும். 3 ஹெர்ட்ஸ், முள், அலை, எல்லாம் இருக்கும்! ஆனால் நெற்றி எலெக்ட்ரோடில் மட்டும் மலை மாதிரி நிற்கும், ஒரு எலெக்ட்ரோடு பின்னால் போனதும் பாதியாகும், உச்சந்தலையில் சுவடே இருக்காது. மூளையிலிருந்து வரும் பொதுவான ஸ்பைக் வேவ் அப்படிச் சட்டென்று காணாமல் போகாது. சந்தேகமாக இருந்தால் கண்ணுக்குக் கீழே ஒரு எலெக்ட்ரோடு ஒட்டி, அதையும் Fp1ஐயும் காதை ரெஃபரன்ஸாக வைத்துப் பாருங்கள். இமை அடிப்பது என்றால் மேலே ஒரு திசையிலும் கீழே எதிர்த்திசையிலும் போகும். மூளை அலை என்றால் இரண்டும் ஒரே திசையில் போகும்.

வளர்ந்த பிள்ளைகளிலும் பெரியவர்களிலும் தூக்கக் கலக்கத்தில் 6 ஹெர்ட்ஸில் ஒரு குட்டி ஸ்பைக் வேவ் வரும். ஃபேன்டம் என்பார்கள், பேய் மாதிரி, முள் அவ்வளவு சின்னது, அலைதான் கண்ணில் படும். ஓரிரு நொடிக்கு மேல் நிற்காது, ஆழ்ந்த தூக்கத்தில் போய்விடும். பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாத வகை. நல்ல பழக்கம் என்னவென்றால், ஸ்பைக் வேவ் என்று தோன்றியதும் வேகத்தை எண்ணிவிடுவது. இரண்டரைக்குக் கீழே, 2 அல்லது ஒன்றரை ஹெர்ட்ஸில் அகலமான முள்ளோடு மந்தமாக ஓடினால், பின்னணியும் கெட்டிருந்தால், லெனாக்ஸ் காஸ்டாவை நினைக்க வேண்டும், அது ஆப்சென்ஸ் மாதிரி சுலபமான நோய் இல்லை. நான்குக்கு மேலே, ஒரு அலைக்கு இரண்டு மூன்று முள் வீதம் ஒழுங்கில்லாமல் வந்தால், அதுவும் விடலைப் பருவத்தினர் என்றால், காலையில் டம்ளர் கையிலிருந்து தெறிக்கிறதா என்று கேட்க வேண்டும், ஜுவனைல் மயோக்ளோனிக் வகையின் பாணி அது. நொடிக்கு மூன்று என்பது சும்மா ஒரு பெயர் இல்லை, ஒரு ஜோடி கூடினாலும் குறைந்தாலும் வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும்.

மாண்டேஜ் பற்றி ஒரு வரி. டபுள் பனானாவில் பக்கத்துப் பக்கத்து எலெக்ட்ரோடுகளைக் கழித்துப் பார்க்கிறோம். இரண்டிலும் ஒரே அளவு முள் இருந்தால் கழித்த பிறகு ஒன்றும் மிஞ்சாது, அதனால் தலை முழுக்கப் பரவிய ஸ்பைக் வேவ் சில சேனலில் நோஞ்சானாகத் தெரியும். அதைப் பார்த்து இது ஒரு இடத்தில் மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள், காது ரெஃபரன்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். ஆவரேஜ் ரெஃபரன்ஸ் இந்த விஷயத்தில் எனக்குப் பிடிக்காது, எல்லா இடத்திலும் முள் இருக்கும்போது சராசரியிலேயே முள் ஏறிவிடும், அப்புறம் பின்தலையில் தலைகீழ் முள் தெரிந்து ஆளைக் குழப்பும்.

தேர்வுத் தாளில் என்ன எழுதுவது? "ஸ்பைக் வேவ் இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன். மேலே உள்ள துண்டுக்கு நான் எதிர்பார்ப்பது இப்படி இருக்கும்: விழித்த நிலை, மூச்சுப் பயிற்சியின் மூன்றாவது நிமிடம், பின்னணியில் வயதுக்கு ஏற்ற மெதுவான அலைகள், மூன்றாவது நொடிக் கோட்டில் திடீரெனத் தொடங்கி இரு பக்கமும் சமமாக, நெற்றிப் பக்கம் மிகுந்து, 3.5இல் ஆரம்பித்து 2.5 ஹெர்ட்ஸில் முடியும் ஏழு நொடி ஸ்பைக் வேவ், அந்த நேரத்தில் ஊதுவது நின்றது, சொன்ன சொல் நினைவில்லை, முடிந்ததும் பின்னணி உடனே திரும்பியது. நோயின் பெயரை எழுத வேண்டாம், அது டாக்டர் வேலை.

துண்டில் முள்ளே இல்லை என்றால் "இந்தத் துண்டில் இல்லை" என்று எழுதுங்கள். வலிப்பு இல்லை என்று எழுதாதீர்கள். அந்தப் பெண்ணின் முதல் இருபது நிமிடத்தை நினைத்துப் பாருங்கள், அதில் மட்டும் 120 துண்டு வெட்டலாம், 120ம் நார்மல்.